அங்கே இல்லாதவர்கள் படிக்கப்போகும் அறிக்கை



பள்ளிக்கூடத்தை நடத்துவது ஊர் ஜமாஅத்தாக இருந்தாலும் சரி, தனிக் கல்வி அறக்கட்டளையாக இருந்தாலும் சரி, அதன் அறங்காவலர்கள் பெரும்பாலும் பள்ளியில் இருப்பவர்கள் அல்லர். ஒருவர் கோவில்பட்டியில் வியாபாரம் செய்வார். ஒருவர் சென்னையில் குடியேறியிருப்பார். இன்னொருவர் துபாயிலிருந்து வருடத்திற்கு ஒருமுறை வந்து போவார். பள்ளியில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் தொடர்ந்து கொடுமைப்படுத்தினார்கள் என்ற செய்தி எழுந்துவிட்டால், அவசரக் கூட்டம் ஒன்று கூட்டப்படும். தலைமையாசிரியர் எழுதிய ஓரிரு பக்கங்கள் அவர்கள் முன் வைக்கப்படும். சம்பவத்தைக் கண்ணால் காணாத, அந்தப் பிள்ளையின் முகத்தைக்கூட அறியாத ஏழெட்டுப் பேர், அந்தப் பக்கங்களைக் கொண்டே அரை மணி நேரத்தில் முடிவெடுத்து எழுந்து செல்வார்கள். அந்தப் பக்கங்களில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கலாகாது என்பதைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன். நம் வீடுகளில் அறங்காவலராக இருப்பவரும் உண்டு, பள்ளியில் பிள்ளையை விட்டிருப்பவரும் உண்டு; இருவருக்கும் இது வேண்டியதே.

எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் இடைசெவலைத் தொட்டுக்கொண்டு தெற்கே ஓடும் நெடுஞ்சாலையில், கயத்தாறும் திருநெல்வேலியும் கடந்து சென்றால் நாங்குநேரி வரும். அதற்கும் தெற்கே வள்ளியூர். நாங்குநேரியில் வசித்த பட்டியல் சாதியைச் சேர்ந்த மாணவர் ஒருவர், வள்ளியூரில் உள்ள பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்து வந்தார். உடன் படித்த வேறு சாதி மாணவர்கள் சிலர் அவரைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகவும், கடைக்கு அனுப்பி ஏவல் வேலை வாங்கியதாகவும் அன்றைய நாளேடுகள் எழுதின. அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தாயுடன் பள்ளிக்குச் சென்று எழுத்து மூலம் முறையீடு கொடுத்தார். 2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, அரிவாளுடன் வீடு புகுந்த சிறுவர்கள் அவரை வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிடிபட்டவர்களில் அதே பள்ளியில் படித்தவர்களும் இருந்தனர்.

இதையடுத்துத் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு நபர் குழுவை அமைத்தது. மாணவரிடையே சாதியின் பெயரால் எழும் வன்முறையைத் தடுக்க வழி கூறுமாறு கேட்கப்பட்ட அக்குழு, 2024 ஜூன் மாதத்தில் அறிக்கையை அளித்தது. அப்பரிந்துரைகளைப் பற்றி அன்று நிறையப் பேசப்பட்டது. அவற்றுள் நான் இங்கு நுழையவில்லை. என் மனத்தை விட்டு அகலாதது வேறொன்று. அந்தப் பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். தாயிடம் சொன்னார், ஆசிரியரிடம் சொன்னார், எழுதியும் கொடுத்தார். தாளில் எல்லாம் இருந்தது. ஆனால் தாள் நகரும் வேகத்தைவிட அரிவாள் வேகமாக வந்துவிட்டது.

இத்தகைய நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி நிர்வாகத்திற்கு எழுதச் சொன்னால் நம்மில் பலர் எப்படி எழுதுவோம்? கீழே வருவது அந்தப் பள்ளியில் எழுதப்பட்டதன்று; நம் பக்கத்து அலுவல் கடிதங்களின் நடையை வைத்து நானே எழுதிப் பார்த்தது.

"சில நாட்களாக ஒரே ஊரைச் சேர்ந்த மாணவர்கள் சிலரிடையே மனக்கசப்பு நிலவி வந்தது. சம்பந்தப்பட்ட மாணவர் ஒழுங்காகப் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்ததில் சக மாணவர்கள் கேலி செய்ததாகக் கூறினார். உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. இந்நிலையில் இரவு நேரத்தில், பள்ளி வளாகத்திற்கு வெளியே, விரும்பத்தகாத சம்பவம் நடைபெற்றுவிட்டது. பள்ளியின் நற்பெயர் காக்கப்படத் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன்."

இதில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வாக்கியமும் இல்லை. ஆனால் இதைப் படித்த அறங்காவலருக்கு நடந்தது தெரியாது. "மனக்கசப்பு" என்ற சொல்லைப் பாருங்கள். மனக்கசப்பு இரு தரப்பிலும் இருப்பது. ஒருவனைப் பலர் சேர்ந்து ஏவல் செய்ய வைப்பதும், அவன் அதற்குப் பயந்து வீட்டில் ஒடுங்கிக் கிடப்பதும் மனக்கசப்பு ஆகாது. சமபலம் உள்ள இருவர் அடித்துக்கொள்வது சண்டை. எதிர்த்து நிற்க முடியாதவனிடம் திரும்பத் திரும்பச் செய்வது கொடுமை. இவ்விரண்டில் எது நடந்தது என்பதைச் சொல்லாமல் மழுப்பும் சொல், முதல் வரியிலேயே தீர்ப்பைச் சாய்த்துவிடுகிறது.

"ஒழுங்காகப் பள்ளிக்கு வரவில்லை" என்பதோ, துன்புற்றவனின் மேலேயே ஒரு குற்றத்தை ஏற்றி வைக்கிறது. அவர் வராமல் இருந்ததுதான் இந்த வழக்கின் முதல் தடயம். வருகைப் பதிவேட்டை எடுத்து, எந்தத் தேதி முதல் வரவில்லை, அதற்கு முந்திய மாதங்களில் வருகை எப்படி இருந்தது, எந்த நாளில் பள்ளி கவனித்தது, யார் வீட்டைத் தொடர்பு கொண்டார் என்று எழுதியிருந்தால், அதே செய்தி சாட்சியாக மாறியிருக்கும். பிள்ளைகள் வாயால் சொல்லுமுன் உடலால் சொல்வார்கள். காலையில் வயிற்றுவலி, வழக்கமான பேருந்தை விட்டு அடுத்த பேருந்தில் வருதல், இடைவேளையில் வகுப்பை விட்டு வெளியே போகாமை, கொடுத்தனுப்பிய காசு தினமும் காணாமற்போதல் ஆகியவை அந்த மொழி. இவற்றில் பதிவேட்டில் ஏறுவது வருகை ஒன்றுதான்.

"கேலி செய்ததாக" என்பது மூன்றாவது மறைப்பு. என்ன சொல்லிக் கேலி செய்தார்கள்? சாதியைச் சொல்லியா, மதத்தைச் சொல்லியா, உடற்குறையைச் சொல்லியா? "தகாத வார்த்தைகள்" என்று எழுதிவிட்டு நகர்வது நாகரிகம் போலத் தோன்றும். ஆனால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தல் சட்டத்தின் முன் வேறு வகைக் குற்றம். பாலியல் சீண்டலோ அதனினும் வேறு. சொல்லப்பட்ட சொல்லை, சொன்னதாக அந்தப் பிள்ளை கூறியவாறே, மேற்கோளிட்டு எழுதத்தான் வேண்டும். படிக்கும் பெரியவர்களுக்கு முகம் சுளிக்கும் என்றால் சுளிக்கட்டும். அதைக் காதால் கேட்டது ஒரு பிள்ளை.

"உரிய நடவடிக்கை" என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த நடவடிக்கை, எத்தனை மணிக்கு, யார் செய்தார் என்று இல்லாத நடவடிக்கை, நடவடிக்கையே அன்று.

மதரஸாவில் ஹதீஸ் பாடம் எடுக்கும்போது நாங்கள் முதலில் மாணவர்களுக்குப் பழக்குவது அறிவிப்பாளர் வரிசையை. "நான் கேட்டேன்" என்று ஒருவர் சொல்வதற்கும், "எனக்கு எட்டியது" என்று அவர் சொல்வதற்கும் உள்ள இடைவெளியை எங்கள் முன்னோர்கள் எவ்வளவு கவலையோடு காத்தார்கள் என்பதை ஓதியவர் அறிவர். இடையில் ஓர் ஆள் விடுபட்டால் அந்தச் செய்தியின் தரமே மாறிவிடும். பள்ளி அறிக்கைக்கும் இந்த இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. ஒவ்வொரு செய்தியையும் யார் கண்ணால் கண்டார், யார் யாரிடம் சொல்லக் கேட்டார், எது எழுதுபவரின் ஊகம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். "மாணவர்கள் அவரை மிரட்டினர்" என்று எழுதலாகாது. "தம்மை மிரட்டியதாக மாணவர் அ, வகுப்பாசிரியரிடம் இன்ன தேதியில் கூறினார், உடனிருந்த மாணவர் உ, தாமும் அதைக் கேட்டதாகத் தனியே கூறினார், பெயர் கூறப்பட்ட மாணவர் ஆ, மறுக்கிறார்" என்று எழுத வேண்டும். தனியே என்ற சொல் முக்கியம். இருவரையும் ஒரே அறையில் எதிரெதிரே நிறுத்தி, "நீ சொன்னாயா, இவன் செய்தானா" என்று கேட்டால், பயந்த பிள்ளை சொன்னதை விழுங்கிவிடும். பின்னர் அறிக்கையில் "விசாரணையில் புகாரை வாபஸ் பெற்றார்" என்ற வரி ஏறிவிடும். அப்படி ஒரு வரியைப் பார்க்கும் அறங்காவலர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அப்போது அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதே.

இனி, எழுத வேண்டிய முறைக்கு வருவோம். பெரும்பாலோர் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லி, இன்றைய நிலையைக் கடைசிப் பத்தியில் வைப்பார்கள். நாங்குநேரி நமக்குச் சொல்வது இதற்கு நேர்மாறு. முதல் பத்தி பழங்கதையாக இருக்கலாகாது. அந்தப் பிள்ளை இன்றிரவு எங்கே தூங்கப்போகிறது என்பதாக இருக்க வேண்டும். அந்த மாலையில் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தால் அது ஏறத்தாழ இவ்வாறு அமைந்திருக்கும். பள்ளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடியவற்றை வெற்றிடமாக விடுகிறேன்.

"மாணவர் அ, பன்னிரண்டாம் வகுப்பு, தாயுடன் வந்து எழுத்து மூலம் முறையீடு கொடுத்துள்ளார். முறையீட்டில் கூறப்பட்ட மாணவர்கள் அவருக்கு அருகிலேயே வசிப்பவர்கள். அவர் வீடு அவர்களுக்குத் தெரியும். முறையீடு வந்த செய்தி அவர்களுக்கு ..... மணிக்கு ..... மூலம் தெரிந்தது. மாணவர் அ இன்று மாலை ..... உடன் வீடு திரும்புகிறார். அவர் வசிக்கும் பகுதிக் காவல் நிலையத்திற்கு ..... மணிக்கு ..... பேசினார். இன்றிரவு அவர் தம் வீட்டில் தங்குவது பாதுகாப்பானது என்று ..... கருதுகிறார், காரணம்....."

இந்த வெற்றிடங்களை நிரப்ப உட்காரும் தலைமையாசிரியர், மூன்றாவது புள்ளிக்கோட்டில் நின்றுவிடுவார். முறையீடு வந்தது எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளையோ தனியாக வீட்டுக்குப் போகிறது என்பது அவர் கையெழுத்திலேயே அவர் முன் நிற்கும். அறிக்கை அறங்காவலரைச் சென்றடையுமுன் எழுதுபவரை எழுப்பிவிடும். முறையீடு கொடுத்த நாளிலிருந்து அடுத்த சில நாட்களே இத்தகைய வழக்குகளில் அபாயம் மிகுந்தவை. வன்மம் அதற்கு முன்பே இருந்தது. "காட்டிக்கொடுத்துவிட்டான்" என்ற காரணம் இப்போதுதான் அதற்குக் கிடைக்கிறது. பள்ளி வாயிலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடலாம். ஒரே ஊரில் ஒரே பேருந்தில் திரும்பும் பிள்ளைகளுக்கு அந்தப் பூட்டால் யாதொரு பயனும் இல்லை. "பள்ளி வளாகத்திற்கு வெளியே நடந்தது" என்ற வரி நிர்வாகத்தைக் காப்பாற்றலாம், பிள்ளையைக் காப்பாற்றாது.

இரண்டாவது பத்தி, நடந்தவற்றின் தேதி வரிசை. மேலே சொன்ன பிரிவினையோடு எழுதினால் பத்துப் பன்னிரண்டு வரிகளில் அடங்கும். மூன்றாவது பத்திதான் எழுதக் கடினமானது. பள்ளிக்கு எது எப்போது தெரியும், தெரிந்ததும் என்ன செய்தது என்பது அதில் வர வேண்டும். இதை எழுதுபவர் தம் செயலையே தாம் சாட்சி சொல்லி எழுதுகிறார். மிக நேர்மையான மனிதரும் இந்த இடத்தில் தம்மையறியாமல் வார்த்தையை மிருதுவாக்கிவிடுவார். ஆகவே தலைமையாசிரியரின் செயல் கேள்விக்குள்ளாகியிருந்தால், இப்பகுதியை வேறு ஆசிரியர் எழுதுவது நலம். அல்லது வகுப்பாசிரியர் அன்றன்று எழுதிய குறிப்பையும், முறையீட்டின் நகலையும், திருத்தாமல் இணைத்துவிட வேண்டும். பிள்ளையின் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அழகு தமிழில் தட்டச்சு செய்து இணைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது மூலத்தைக் கெடுப்பதாகும்.

சில வகைக் குற்றங்களில் அறங்காவலரின் அனுமதிக்காகக் காத்திருப்பதே குற்றமாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொடுமையில் பாலியல் செயல் கலந்திருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் அவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அங்கு அறிக்கை, "தெரிவிக்கலாமா?" என்று கேட்க இயலாது, "இன்ன மணிக்குத் தெரிவித்தாயிற்று" என்றே கூற முடியும். "கமிட்டியில் பேசி முடித்துக்கொள்வோம்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை; ஆனால் அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

கடைசிப் பத்தி, அறங்காவலர்களிடம் கேட்பது என்ன என்பது. இதுவும் நம் அறிக்கைகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. "ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்றால், கூட்டத்தில் ஒருவர் நற்பெயரைப் பற்றிப் பேசுவார், ஒருவர் கைப்பேசி கெட்டது என்பார், ஒருவர் அந்தக் காலத்துப் பிரம்பை நினைத்து ஏங்குவார், தேநீர் வந்துவிடும். யார் குற்றவாளி என்று தீர்ப்பளிக்குமாறு அவர்களைக் கேட்பதும் தவறு. அது காவல்துறைக்கும் இளைஞர் நீதி வாரியத்துக்கும் உரியது. நிர்வாகம் மட்டுமே தரக்கூடியவற்றைக் கேட்க வேண்டும். மாலையில் பேருந்து நிறுத்தம் வரை ஓர் ஆசிரியரை அனுப்ப அனுமதி வேண்டுமா? பெயர் கூறப்பட்டவர்களை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டுமா? சிகிச்சைச் செலவில் பங்கேற்க வேண்டுமா? ஆம், இல்லை என்று பதில் சொல்லத்தக்க மூன்று கேள்விகள் போதும்.

இந்த இடத்தில் "டி.சி. கொடுத்து அனுப்பிவிடுங்கள்" என்ற குரல் தவறாமல் எழும். எட்டாம் வகுப்பு முடியாத பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இடம் தரவில்லை. அறிக்கையில் வகுப்பைக் குறிப்பிடுவது இதற்காகவும்தான். இதைவிட வேதனை தருவது, டி.சி. பெரும்பாலும் யாருக்குப் போகிறது என்பது. துன்பம் செய்தவர்கள் பலர், செல்வாக்கு உள்ளவர்கள். துன்புற்றவன் ஒருவன், அவன் தாய் கூலி வேலை செய்பவர். "பிள்ளையின் நன்மைக்காக வேறு பள்ளி பாருங்களேன், அம்மா" என்று மென்மையாகச் சொல்லப்படும். அடுத்த அறிக்கையில், "பெற்றோர் விருப்பத்தின்பேரில் விலகினார்" என்று ஏறும். அந்தத் தாயை அழைத்தவர் யார், சொன்னது என்ன என்று கேட்க அறங்காவலருக்கு உரிமை உண்டு.

கொடுமை செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளையும் பிள்ளையே. அவனுடைய கூற்று என்ன, அவன் பெற்றோருக்கு எப்போது சொல்லப்பட்டது என்பதும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். அவன் ஓர் அறங்காவலரின் உறவினன் என்றால் அவர் அந்தக் கூட்டத்தில் உட்காராமல் இருக்க வேண்டும். அவருக்கு அந்தத் தாளே போகக்கூடாது. சொல்வதற்கு எளிது. மாமன் மச்சானாகக் கலந்து கிடக்கும் நம் ஊர்களில் இது எவ்வளவு கடினம் என்பதை நான் அறியாதவன் அல்லன். உறவை முதல் வரியிலேயே எழுதிவிட்டால், எழுந்து வெளியே போகச் சொல்லும் சங்கடம் மற்றவர்களுக்கு இராது.

பெயர்களை எழுதலாகாது. மாணவர் அ, மாணவர் ஆ என்றே இருக்கட்டும். யார் யார் என்ற பட்டியல் தனி உறையில் செயலாளரிடம் இருக்கட்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில், துன்புற்ற பிள்ளையானாலும் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையானாலும் அவர்களை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி முதலியவற்றை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்பெல்லாம் ஒரு தாள் வெளியே போக ஒருவர் அதைச் சுமந்து செல்ல வேண்டும். இன்று வெளிநாட்டில் இருக்கும் அறங்காவலருக்காக ஒருவர் நல்லெண்ணத்தோடு படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மக்ரிபுக்குள் ஊர்க் குழுமங்கள் அனைத்திலும் அது சுற்றிவிடும். "அருகிலுள்ள கிராமத்திலிருந்து வரும் ஒரே பட்டியல் சாதி மாணவர்" என்று எழுதினாலும் பெயர் எழுதியது போலத்தான். தூரத்தில் இருப்பவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டலாம். கூட்டத்தில் தருபவற்றுக்கு எண்ணிட்டு, முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்குநேரி மாணவர், பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்து மீண்டு, வெட்டுப்பட்ட கையோடு, எழுதுவதற்கு உதவியாளரை வைத்துக்கொண்டு 2024இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி, 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். நாடே அதைப் பாராட்டிற்று. ஆனால் நம் பள்ளிகளின் கோப்புகள் பெரும்பாலும் முதல் கூட்டத்தோடு மூடப்பட்டுவிடுகின்றன. பிள்ளை திரும்ப வந்தானா, எந்த நாளில் வந்தான், பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், மதிய உணவை யாரோடு உண்கிறான் என்பதெல்லாம் அதில் இல்லை. ஆகவே கடைசி வரியில் இரண்டு தேதிகளைக் குறித்துவிட வேண்டும். ஒன்று ஒரு வாரம் கழித்து, மற்றொன்று ஒரு மாதம் கழித்து. அந்த நாட்களில் வருகைப் பதிவேட்டையும் பிள்ளையின் தாயையும் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டிய ஆசிரியரின் பெயரையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்த ஒரு பெயரை மட்டும் மறைக்க வேண்டியதில்லை.